ஓடிபி செயலி இருந்த ஒரே போன் தொலைந்துவிட்டால்: எந்த வழியை முதலில் பிடிப்பது?

போன் தொலைந்துபோய், அதில்தான் ஆத்தென்டிகேட்டர் செயலியும் இருந்தது என்றால், கணக்குக்குள் திரும்ப நுழைய ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. லாகின் ஆகியே இருக்கும் கணினி, முன்பே எடுத்து வைத்த ஒருமுறைப் பேக்கப் கோடுகள், முதலில் அமைத்தபோது கிடைத்த ரகசியச் சாவி, புதிய சிம், செயலியின் கிளவுட் நகல், கடைசியாக நிறுவனத்தின் மீட்பு விண்ணப்பம். எது எளிது, எது வேகமானது என்று மட்டும் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதாது. ஒரு வழியில் இறங்குவது இன்னொரு வழியை மூடிவிடக்கூடும். அதனால் எதை முதலில் செய்தால் மற்றவை கெடாமல் இருக்கும் என்பதை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

பேச ஒரு நிலைமை வேண்டும். ஒருவருக்கு இரண்டு கணக்குகள் முக்கியம்: ஒரு கூகுள் கணக்கு, அதாவது ஜிமெயில், அந்த மின்னஞ்சலை வைத்து, நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் திறந்த ஒரு கணக்கு. இரண்டுக்கும் ஆறு இலக்க எண்ணைத் தருவது போனில் இருந்த ஆத்தென்டிகேட்டர் செயலி. போன் போய்விட்டது. வீட்டு லேப்டாப்பின் பிரவுசரில் ஜிமெயில் திறந்தபடியே இருக்கிறது. பலருக்கும் நேர்வது ஏறக்குறைய இதுதான். பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் இவருடைய நிலைமை நல்ல நிலைமைதான், கையில் இருப்பதைக் கெடுத்துக்கொள்ளாத வரை.

கெடுப்பது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன் தொலைந்ததும் பலரும் உடனே செய்வது, தொலைவிலிருந்தபடி அதிலுள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுவது. தகவல் திருடப்படக் கூடாது என்ற எண்ணம் சரியானதுதான். ஆனால் அழித்த மறுகணம் ஆத்தென்டிகேட்டரில் இருந்த ரகசியச் சாவியும் அழிந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு போனை அழித்தபின் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. போன் சோபாவுக்கு அடியிலோ யாருடைய காரிலோ கிடக்க வாய்ப்பு இருக்கும்வரை பூட்டுவது போதும். பூட்டினால் திரும்பக் கிடைக்கும்போது சாவி அப்படியே இருக்கும். திருடுபோனது உறுதி, அதுவும் திரை திறந்த நிலையில் பறித்துக்கொண்டு போனார்கள் என்றால் கதை வேறு. அப்போது சிம்மை முடக்குவதும் போனை அழிப்பதும்தான் முதலில். சாவி போனாலும் பரவாயில்லை. ஐபோன் வைத்திருந்தவர்கள் iCloud.com/find பக்கத்தைக் கடவுச்சொல் மட்டும் கொடுத்தே திறக்கலாம். தொலைந்த கருவியையே தேடும் இடம் என்பதால் அங்கே மட்டும் ஆப்பிள் கடவுச்சொல்லுக்குப் பிறகு இரண்டாம் எண்ணைக் கேட்பதில்லை.

இரண்டாவது கேடு, லேப்டாப்பில் “ஏதோ ஒன்று செய்து பார்ப்போம்” என்று லாக் அவுட் செய்து மறுபடி லாகின் ஆக முயல்வது, குக்கீகளை அழிப்பது, பிரவுசரை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுவது. லேப்டாப்பை அந்தத் தளம் அடையாளம் கண்டுகொள்வது அந்தக் குக்கீகளை வைத்துத்தான். அவை போனால், நேற்றுவரை பழகிய கணினிகூட அந்நியக் கணினிதான்.

சரி, வழிகளுக்கு வருவோம். லாகின் ஆகியிருக்கும் லேப்டாப்பைத்தான் நான் எப்போதும் முதலில் வைப்பேன். அதில் இறங்கிப் பார்த்து முடியாமல் போனாலும் வேறெந்த வழியும் மூடுவதில்லை, காத்திருப்பும் இல்லை. கூகுள் கணக்கில் myaccount.google.com/security பக்கத்துக்குப் போய் 2-Step Verification என்பதைத் திறந்தால் கடவுச்சொல்லை மறுபடி கேட்கும். முன்பு அந்தக் கணினியில் லாகின் செய்தபோது “Don't ask again on this device” என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால், பெரும்பாலும் கடவுச்சொல்லோடு கதவு திறந்துவிடும். சில நேரம் அங்கேயும் இரண்டாம் எண் கேட்கலாம். கேட்டால் பின்வாங்கி அடுத்த வழிக்குப் போகலாம், லாகின் அப்படியே இருக்கும்.

இந்த வழியில் பெரும்பாலோர் இடறுவது கடவுச்சொல்லில்தான். பிரவுசரே நினைவில் வைத்துக்கொண்டதால் பல மாதங்களாகக் கையால் தட்டச்சு செய்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் “கடவுச்சொல் மறந்துவிட்டது” என்ற இணைப்பை அழுத்த வேண்டாம். அது வேறொரு சோதனை வரிசைக்கு அழைத்துப் போய், போனில் இருக்கும் அதே எண்ணை அங்கேயும் கேட்கக்கூடும். முதலில் பிரவுசரின் சேமித்த கடவுச்சொற்களில் பாருங்கள். குரோம் என்றால் chrome://password-manager/passwords என்று முகவரிப் பட்டையில் அடித்தால் பட்டியல் வரும். கணினியின் பின் எண்ணைக் கொடுத்து எழுத்துகளைப் பார்க்கலாம்.

உள்ளே போனதும் செய்ய வேண்டிய வரிசையும் முக்கியம். முதலில் புதிய பேக்கப் கோடுகளை எடுத்துக் காகிதத்தில் எழுதிவிடுங்கள். அப்புறம் புதிய போனில் ஆத்தென்டிகேட்டரை அமைத்து, அதில் வரும் எண்ணைத் தளம் ஏற்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகுதான் தொலைந்த போனை அந்தக் கணக்கிலிருந்து வெளியேற்ற வேண்டும். கடைசியாகக் கடவுச்சொல் மாற்றம். இதைத் தலைகீழாகச் செய்து, முதலிலேயே கடவுச்சொல்லை மாற்றினால் ஏற்கெனவே திறந்திருக்கும் லாகின்கள் பல இடங்களில் கழன்றுபோகலாம். கையில் இருந்த ஒரே கதவை நாமே சாத்திக்கொண்டது போல ஆகிவிடும்.

கிட்ஹப்பிலும் இதே வழி வேலை செய்யும். அந்தத் தளமும் லேப்டாப்பில் திறந்திருந்தால், github.com/settings/auth/recovery-codes பக்கம் உறுதிசெய்யச் சொல்லும். அங்கே ஆறு இலக்க எண்ணுக்குப் பதிலாகக் கடவுச்சொல்லைக் கொடுத்து உறுதிசெய்யவும் வாய்ப்பு உண்டு. பழைய மீட்புக் கோடுகள் திரையிலேயே தெரியும். அவ்வளவுதான், வேலை முடிந்தது. ஆனால் நம்முடைய நிலைமையில் கிட்ஹப் லேப்டாப்பில் திறந்திருக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

லேப்டாப் வழி அடைபட்டால் அடுத்தது பேக்கப் கோடுகள். “நான் அப்படி எதையும் எடுத்து வைக்கவில்லையே” என்பார்கள். எடுத்திருப்பார்கள், நினைவிருக்காது. கூகுள் தருவது பத்துக் கோடுகள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம்; ஒரு கோடு ஒரு முறைக்குத்தான். அவற்றைத் தரவிறக்கியிருந்தால் கோப்பின் பெயர் Backup-codes- என்று தொடங்கி, பயனர் பெயரோடு .txt என முடியும். கிட்ஹப்பின் கோப்பு github-recovery-codes.txt. கிட்ஹப்பில் ஆத்தென்டிகேட்டரை அமைக்கும்போதே இந்தக் கோடுகளைத் தரவிறக்கச் சொல்வார்கள் என்பதால், அது டவுன்லோட்ஸ் கோப்புறையில் எங்கோ கிடக்க நல்ல வாய்ப்பு உண்டு. லேப்டாப், பழைய கணினி, வெளி ஹார்ட் டிஸ்க், கிளவுட் சேமிப்பு என்று இந்தப் பெயர்களைத் தேடிப் பாருங்கள். அச்சிட்டிருந்தால் பாஸ்போர்ட், பத்திரம் வைக்கும் உறையில் இருக்கலாம்.

கோடு கிடைத்தும் ஏற்கவில்லை என்றால் இரண்டு காரணங்கள் சகஜம். ஒன்று, அந்தக் கோடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது. பட்டியலில் அடுத்ததைப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, அதன்பிறகு எப்போதோ புதிய கோடுகளை உருவாக்கியிருப்பீர்கள். புதியவை வந்தால் பழைய பட்டியல் முழுவதும் செல்லாது. அதனால் இரண்டு கோப்புகள் கிடைத்தால் தேதி பார்த்துப் பிந்தையதை எடுக்க வேண்டும்.

லேப்டாப்போடு ஒப்பிட்டால், பேக்கப் கோடு எந்தக் கணினியிலும் செல்லும் என்பதுதான் அதன் பலம். கோடு கையில் இருந்தும் லேப்டாப்பை முதலில் சொல்வதற்குக் காரணம், ஒருமுறைக் கோடுகளைச் செலவழிக்காமலேயே உள்ளே போய்விடலாம் என்பதுதான். கோடுதான் வழி என்றாலும் அதைப் பழகிய லேப்டாப்பிலேயே போடுவது நல்லது. அறிமுகமில்லாத கருவியிலிருந்து நுழைந்தால், பாதுகாப்பு அமைப்புகளை மாற்றச் சில நாள் காத்திருக்கும்படி கூகுள் சொல்லக்கூடும்.

மூன்றாவது வழியைப் பலர் அறிவதே இல்லை. ஆத்தென்டிகேட்டர் காட்டும் எண் போனுக்குள் பிறக்கும் மந்திரம் இல்லை. முதல்நாள் நாம் கேமராவில் பிடித்த அந்தக் கியூஆர் படத்துக்குள் ஒரு ரகசியச் சாவி இருந்தது. அதே சாவி தளத்திடமும் இருக்கிறது. அந்தச் சாவியையும் இப்போதைய நேரத்தையும் சேர்த்து 30 விநாடிக்கு ஒரு முறை இரண்டு பக்கமும் ஒரே கணக்கைப் போடுகின்றன, விடை ஒத்துப்போனால் கதவு திறக்கிறது. ஆகவே அந்தச் சாவி வேறெங்காவது இருந்தால், எந்தக் கருவியிலும் அதே எண்ணை வரவழைக்கலாம். கியூஆர் திரையின் ஸ்கிரீன்ஷாட், “கியூஆர் பிடிக்க முடியவில்லையா” என்று அழுத்தியபோது காட்டிய நீளமான எழுத்துவரிசை, கடவுச்சொல் மேலாளர் செயலியில் அந்தக் கணக்கின் பதிவுக்குள் சேர்த்து வைத்த சாவி, எல்லாமே ஒன்றுதான். புகைப்படங்கள் கிளவுடில் ஏறியிருந்தால் கணக்கு தொடங்கிய தேதியை ஒட்டித் தேடிப் பாருங்கள்.

சாவி கிடைத்துவிட்டால் புதிய போனின் செயலியில் அதைத் தட்டச்சு செய்தாலே போதும். லினக்ஸ் கணினி மட்டும்தான் இருக்கிறது என்றால் oathtool நிறுவிக்கொண்டு இப்படி அடிக்கலாம், சாவியின் இடத்தில் உங்களுடையதை வைத்து:

```
oathtool --totp -b JBSWY3DPEHPK3PXP
```

வரும் ஆறு இலக்க எண்ணைத் தளம் ஏற்கவில்லை என்றால், முதலில் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். நேரத்தை வைத்துத்தான் கணக்கு என்பதால் ஓரிரு நிமிடம் பிசகினாலும் எண் தவறாகிவிடும். அதுவும் சரியாக இருந்தால், அந்தச் சாவிக்குப் பிறகு ஒருமுறை செயலியைப் புதிதாக அமைத்திருக்கிறீர்கள், இது பழைய சாவி என்று பொருள்.

அடுத்தது புதிய சிம். போன் தொலைந்தவர்கள் கையிலெடுப்பது பெரும்பாலும் இதைத்தான், ஏமாறுவதும் இதில்தான். அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கினால் குறுஞ்செய்திகள் வரும். ஆத்தென்டிகேட்டர் எண்கள் வராது. அவை சிம்மோடு சம்பந்தப்பட்டவையே இல்லை. சிம் உதவுமா என்று தெரிந்துகொள்ள, வாங்குவதற்கு முன்பே லாகின் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, எண் கேட்கும் இடத்தில் “Try another way” என்பதை அழுத்திப் பாருங்கள். திறந்திருக்கும் லாகினைத் தொடாமல் இருக்க இதைத் தனி மறைநிலைச் சாளரத்தில் செய்யலாம். வரும் பட்டியலில் உங்கள் எண்ணின் கடைசி இலக்கங்களோடு குறுஞ்செய்தி வாய்ப்பு இருந்தால் சிம் உதவும். இல்லையென்றால் இந்தக் கணக்குக்குச் சிம்மால் நேரடிப் பயன் கிடையாது.

ஆனாலும் சிம்மை எப்படியும் மாற்றத்தான் வேண்டும், வேறொரு காரணத்துக்காக. பழைய சிம் இன்னொருவர் கையில் வேலை செய்துகொண்டிருந்தால், குறுஞ்செய்தியை நம்பும் எல்லாக் கணக்குகளும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மாற்று சிம் உயிர்பெற்றதும் பழையது செத்துவிடும். மீட்புக்கு உதவுமா என்பதைப் பொறுத்துச் சிம் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அதே நேரம் சிம் வரட்டும் என்று லேப்டாப் வழியைத் தள்ளிப்போடவும் கூடாது.

இனி செயலியின் கிளவுட் நகல். 2023 ஏப்ரல் வரை கூகுள் ஆத்தென்டிகேட்டரில் இந்த வசதியே கிடையாது. போன் போனால் எல்லாச் சாவிகளும் போனதுதான். அதன்பிறகு, செயலிக்குள் கூகுள் கணக்கோடு இணைத்திருந்தால் சாவிகள் அந்தக் கணக்கில் நகலாகின்றன. புதிய போனில் செயலியை நிறுவி அதே கணக்கில் நுழைந்தால் திரும்பி வருகின்றன. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் நம்முடைய நிலைமையைக் கவனியுங்கள்: சாவிகள் கூகுள் கணக்குக்குள், கூகுள் கணக்கைத் திறக்கும் சாவியும் அதே சாவிகளில் ஒன்று. பெட்டிக்குள்ளேயே பெட்டியின் சாவி.

அதனால் இந்த வழி கூகுள் கணக்கை மீட்க உதவாது. கூகுள் கணக்கை வேறு வழியில் மீட்டபிறகு மற்ற எல்லாவற்றையும் ஒரே அடியில் மீட்க உதவும். மைக்ரோசாப்ட் ஆத்தென்டிகேட்டருக்கும் கிளவுட் நகல் உண்டு, அங்கேயும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: நகல் எந்தக் கணக்கில் இருக்கிறது, அந்தக் கணக்கைத் திறக்க இந்தப் போன் தேவையா? தேவையில்லை என்றால் இதைப் போல வேகமான வழி வேறில்லை.

எல்லாம் அடைபட்டால் மிஞ்சுவது நிறுவனத்தின் மீட்பு விண்ணப்பம். இங்கே நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் பெரிது. கூகுளில் accounts.google.com/signin/recovery பக்கத்தில் கேள்விகள் வரும். நினைவிருக்கும் கடைசிக் கடவுச்சொல்லைக் கேட்பார்கள், மீட்பு மின்னஞ்சலுக்கு எண் அனுப்புவார்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்த கணக்கு என்றால், நீங்கள்தான் என்று உறுதிசெய்ய 3 முதல் 5 வேலைநாள் ஆகலாம். பதில்கள் எவ்வளவு முக்கியமோ, அவற்றை எங்கிருந்து தருகிறீர்கள் என்பதும் அவ்வளவு முக்கியம். வழக்கமாக லாகின் ஆகும் கணினி, வழக்கமான பிரவுசர், வழக்கமான வீட்டு இணைய இணைப்பு. புதிதாக வாங்கிய போனிலிருந்து, வெளியூர் வைஃபையில் முயன்றுவிட்டு, நிராகரித்துவிட்டார்கள் என்று மனம் உடைந்துபோகிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் பழைய கணினியில் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். கேள்விகளைத் தாண்டிப் போகாமல், தெரிந்த அளவுக்கு ஊகித்தாவது பதில் தருவது நல்லது என்று கூகுளே சொல்கிறது.

ஆப்பிளில் மீட்பு விண்ணப்பம் போட்டால் காத்திருக்கும் காலத்தைத் திரையிலேயே சொல்வார்கள். அந்தக் காலத்தில் அதே கணக்கில் லாகின் ஆகியிருக்கும் மற்ற ஆப்பிள் கருவிகளை அணைத்து வைக்கச் சொல்வார்கள். கணக்கு பயன்பாட்டில் இருப்பது தெரிந்தால் விண்ணப்பம் தானாகவே ரத்தாகிவிடும். ஒரு வழி இன்னொன்றைக் கெடுப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. வேறு கருவி கையில் இருந்தால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அதிலிருந்து எல்லாவற்றையும் முயன்று தீர்த்துவிட வேண்டும். மைக்ரோசாப்ட் இன்னும் கறார். இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்ட தனிநபர் கணக்குக்கு மீட்பு விண்ணப்பப் படிவம் செல்லாது. பாதுகாப்புத் தகவல்கள் அனைத்தையும் மாற்றக் கேட்டால் 30 நாள் காத்திருப்பு.

இப்போது நம் ஆளின் கிட்ஹப்புக்கு வருகிறேன். கோடுகள் கோப்பு கிடைக்கவில்லை, தளமும் எங்கும் திறந்திருக்கவில்லை. கிட்ஹப் இரண்டு சான்றுகள் கேட்கும். ஒன்று, பதிவுசெய்த மின்னஞ்சலுக்கு வரும் ஒருமுறை எண். மற்றொன்று, முன்பு அந்தக் கணக்கில் நுழைந்த அதே கருவி, அல்லது கணினியைத் தளத்தோடு இணைக்கக் கணக்கில் சேர்த்திருக்கும் எஸ்எஸ்எச் சாவி, அல்லது கடவுச்சொல்லுக்குப் பதிலாக உருவாக்கி வைத்த தனிநபர் அணுகல் டோக்கன். லாகின் பக்கத்தில் கடவுச்சொல் கொடுத்தபின் மீட்பைத் தொடங்கும் இணைப்பு இருக்கும். இரண்டு சான்றுகளும் தந்தபின் ஒன்று முதல் மூன்று வேலைநாளில் பதில் வரும்.

முதல் சான்று மின்னஞ்சல் என்பதைக் கவனித்தீர்களா? ஜிமெயில் மீளாமல் கிட்ஹப் மீளாது. அதனால் கணக்குகளுக்கிடையே வரிசை மின்னஞ்சலில்தான் தொடங்க வேண்டும், எந்தக் கணக்கு அவசரம் என்று தோன்றினாலும். இரண்டாவது சான்றைப் பாருங்கள்: அதே லேப்டாப், அதே குக்கீகள், இல்லையென்றால் அதே லேப்டாப்பின் .ssh கோப்புறையில் இருக்கும் சாவி. முதலில் பிரவுசரைச் சுத்தம் செய்திருந்தால் இந்த வாய்ப்பில் பாதி அப்போதே போயிருக்கும்.

ஆக இவருக்கு நான் சொல்லும் வரிசை: போனைப் பூட்டு, சிம்மை மாற்ற ஏற்பாடு செய், லேப்டாப்பில் சேமித்த கடவுச்சொல்லைத் தேடி எடுத்துக் கூகுள் பாதுகாப்புப் பக்கத்தைத் திற. அது இரண்டாம் எண் கேட்டால் Backup-codes கோப்பைத் தேடு. கூகுள் மீண்டதும், ஆத்தென்டிகேட்டர் அந்தக் கணக்கோடு இணைந்திருந்ததா என்று புதிய போனில் பார்; இணைந்திருந்தால் கிட்ஹப் எண்ணும் அங்கேயே வந்திருக்கும், விண்ணப்பமே தேவைப்படாது. வரவில்லை என்றால்தான் கிட்ஹப் மீட்பு.

லேப்டாப்பே இல்லாதவர், போன் ஒன்றே உலகமாக இருந்தவர் என்றால் ஒப்பீடு மாறுகிறது. அவருக்குக் கோடுகளைத் தேடுவது முதலில், “Try another way” பட்டியலைப் பார்த்துச் சிம் உதவுமா என்று முடிவு செய்வது இரண்டாவது, பிறகு நேரே மீட்பு விண்ணப்பம், அதுவும் வழக்கமான வீட்டு வைஃபையில். இந்தக் கட்டத்தில்தான் “உங்கள் கணக்கை நாங்கள் மீட்டுத் தருகிறோம்” என்று பணம் கேட்பவர்கள் வந்து சேர்வார்கள். நிறுவனத்தின் பக்கத்தைத் தவிர வேறு யாராலும் இதைச் செய்ய முடியாது. அவர்கள் கேட்கும் கடவுச்சொல்லும் ஓடிபியும்தான் அவர்களுக்கு வேண்டியது.

கிட்ஹப்பில் இரண்டாவது சான்றைத் தர முடியாமல் போனால், அந்தக் கணக்குத் திரும்பாது. ஆதரவுக் குழுவுக்கு எழுதினாலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை அவர்கள் நீக்கித் தர மாட்டார்கள். செய்யக்கூடியது ஒன்று உண்டு: பூட்டிக்கிடக்கும் கணக்கிலிருந்து உங்கள் மின்னஞ்சலைப் பிரித்துவிடலாம். பிரித்தபின் அதே மின்னஞ்சலில் புதிய கணக்கு தொடங்கி, வெளிப்படையாக இருந்த களஞ்சியங்களை நகலெடுத்து ஏற்றலாம். தனிக் களஞ்சியங்களுக்கு, அவற்றில் கூட்டுப் பங்காளிகள் யாராவது இருந்தால் அவர்களிடம் ஒரு நகல் கேட்க வேண்டியதுதான்.